பெயரை மறைத்தால் மட்டும் போதாது: ரெஸ்யூமே வடிகட்டலில் பாரபட்சம் நுழையும் வழிகளும் அதை அடைக்கும் முறையும்

ஒரு வேலைக்கு விளம்பரம் கொடுத்தால் நூற்றுக்கும் மேல் ரெஸ்யூமே வந்து குவிகிறது. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரை இன்டர்வியூவுக்கு அழைக்க வேண்டும். எச்.ஆர். பிரிவில் இருப்பவர் ஒரே காலையில் எல்லாவற்றையும் புரட்டி முடிக்கிறார் என்றால் ஒரு ரெஸ்யூமேவுக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் கண் முதலில் போய் நிற்பது பக்கத்தின் மேல்பகுதியில். நம் ஊர் ரெஸ்யூமேக்களில் அங்கே பெயர், புகைப்படம், முகவரி இருக்கும். பலவற்றில் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, திருமணம் ஆனவரா என்ற விவரமும் இருக்கும். வேலை தெரியுமா என்பதைச் சொல்லும் வரிகள் கீழேதான் வரும்.

வேலைத் திறனோடு சம்பந்தமில்லாத ஒரு விவரம் முடிவை மாற்றினால் அது பாரபட்சம். பார்ப்பவர் கெட்ட எண்ணத்தோடு பார்த்தாரா இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. அந்த விவரத்தை மட்டும் மாற்றினால் முடிவு மாறுமா என்பதுதான் சோதனை. இதைத் தடுக்க, ஆள் யார் என்று தெரியாமல் மதிப்பிடும் ஏற்பாட்டைப் பல நாடுகளில் முயன்று பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் அது பலன் தந்தது, சில இடங்களில் எதிர்மாறாகப் போனது. ஏன் அப்படி என்பதிலிருந்துதான் சரியான முறையை வடிவமைக்க முடியும்.

## பாரபட்சம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?

நிறுவனங்களிடம் "நீங்கள் பாரபட்சம் பார்ப்பீர்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. அதனால் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் சமமாக இருக்கும் ரெஸ்யூமேக்களைத் தயாரித்து, பெயரை மட்டும் மாற்றி, உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். எந்தப் பெயருக்கு எத்தனை அழைப்பு வந்தது என்று எண்ணினார்கள்.

இதில் அதிகம் பேசப்படுவது, 2004இல் வெளியான மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரின் ஆய்வு. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறக்குறைய 5,000 ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் போட்டவற்றுக்குச் சுமார் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது; கறுப்பினப் பெயர் போட்டவற்றுக்குச் சுமார் 15 விண்ணப்பத்துக்கு ஒன்று.

இந்தியாவில் இதே முறையைச் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் செய்தார்கள். முடிவுகள் 2007இல் வெளிவந்தன. ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. எல்லோரும் பட்டதாரிகள், தகுதி ஒன்றுதான். ஆனால் மேல்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்குச் சாதகமான பதில் வரும் வாய்ப்பு விகிதம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. சென்னையில் ஜாரா சித்திக் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், தாழ்த்தப்பட்ட சாதியைக் காட்டும் பெயர் உள்ளவர், மற்றவருக்கு வரும் அதே அளவு அழைப்பைப் பெற சராசரியாக 20 சதவீதம் அதிக விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டியிருந்தது.

எல்லா வேலையிலும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெல்லிப் பகுதியில் நடந்து 2009இல் வெளியான இன்னோர் ஆய்வில், மென்பொருள் வேலைகளில் சாதி வித்தியாசம் குறிப்பிடும்படி தெரியவில்லை. கால் சென்டர் வேலைகளில் தெரிந்தது. திறமையை எளிதில் அளக்க முடிகிற வேலையில் பெயருக்கு வேலை குறைகிறது, "பேச்சு, தோரணை" என்று மங்கலாக அளக்கிற வேலையில் அது தலைதூக்குகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பின்னால் வரும் வடிவமைப்புக்கு இந்த ஒரு வித்தியாசம் மிக முக்கியம்.

## புகைப்படம், வயது, கல்லூரி

புகைப்படத்தைப் பற்றி இஸ்ரேலில் நடந்த ஆய்வு ஒன்று கண்ணைத் திறக்கிறது. பிராட்லி ரஃபிள், ஜீவ் ஷ்டுடினர் இருவரும் 5,312 ரெஸ்யூமேக்களை இரண்டிரண்டாக அனுப்பினார்கள்: ஒன்றில் படம் உண்டு, மற்றதில் இல்லை. அழகான ஆணின் படம் வைத்தால் அழைப்பு அதிகம் வந்தது. பெண்களுக்கு நேர்மாறு. படமே வைக்காத பெண்ணுக்குத்தான் அதிக அழைப்பு. அழகான படம் வைத்தவருக்குக் குறைவு. ஆக, படம் ஒரே திசையில் தள்ளுவதில்லை. பார்ப்பவர் யார், வேலை எது என்பதைப் பொறுத்து அது எந்தப் பக்கமும் சாய்க்கும். ஜெர்மனியில் டோரிஸ் வைக்செல்பாமர் செய்த ஆய்வில், ஒரே பெண்ணின் படத்தோடு ஜெர்மன் பெயர் போட்டபோது 18.8 சதவீதம் அழைப்பு வந்தது. துருக்கிப் பெயர் போட்டபோது 13.5 சதவீதம், துருக்கிப் பெயரோடு தலையில் முக்காடும் இருந்தபோது 4.2 சதவீதம்தான். அறிவிப்பாளர், நடிகர் போன்ற சில வேலைகளைத் தவிர வேறு எங்கும் ரெஸ்யூமே கட்டத்தில் படம் கேட்க நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

வயதில் சிக்கல் வேறு விதம். பிறந்த தேதியை நீக்கினாலும் பத்தாம் வகுப்பு தேறிய ஆண்டு அங்கேயே இருக்கும். 1996 என்று பார்த்த உடனே மனம் கணக்குப் போட்டுவிடும். பெண்களின் ரெஸ்யூமேவில் 27, 28 வயது என்று கணக்கு வந்தால் அடுத்த கேள்வி கல்யாணம், அதற்கடுத்தது குழந்தை. இவை தாளில் எங்கும் எழுதப்படுவதில்லை. "ஸ்டேபிளாக இருக்க மாட்டார்" என்ற குறிப்பாக மட்டும் வெளியே வரும்.

மூன்றிலும் கல்லூரிதான் கடினமானது, ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மையான தகவலும் இருக்கிறது. நல்ல ஆய்வகம், நல்ல ஆசிரியர்கள் உள்ள இடத்தில் படித்தவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஒருவர் அந்தக் கல்லூரிக்குப் போனாரா என்பதைத் தீர்மானிப்பதில் குடும்ப வருமானம், ஊர், பயிற்று மொழி, வீட்டில் வழிகாட்ட ஒருவர் இருந்தாரா என்பதெல்லாம் கலந்திருக்கின்றன. கல்லூரிப் பெயரை வைத்து வடிகட்டுபவர் திறமையையும் பின்னணியையும் ஒரே கட்டாக எடைபோடுகிறார். எது எவ்வளவு என்று அவராலேயே பிரிக்க முடியாது. நமது கேம்பஸ் தேர்வுகளில் பழக்கமான "பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது, ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி கூடாது" என்ற விதியும் இதே குடும்பம்தான். பார்க்க எண் மாதிரி இருப்பதால் நடுநிலையாகத் தோன்றும். ஆனால் பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து இருபத்தைந்து வயதுக்காரரின் வேலைத் திறனைத் தடுத்து நிறுத்துகிறது. எந்த மனிதரும் ரெஸ்யூமேவைப் பார்ப்பதற்கு முன்பே இந்த விதி வேலை செய்துவிடுகிறது. அதனால் பெயரை மறைப்பதால் இதைத் தொடவே முடியாது.

## பெயரை அடித்த பிறகும் என்ன மிச்சம்?

"தமிழ்நாட்டில் யாரும் சாதிப் பெயரைப் பின்னால் போடுவதில்லை, இனிஷியல் மட்டும்தான். இங்கே பெயரை வைத்து என்ன தெரிந்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. மதமும் பாலினமும் பெயரிலேயே தெரிந்துவிடும். மற்றது தாளின் வேறு வரிகளில் கசியும். மேலே உள்ள பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்ட ஒரு ரெஸ்யூமேவை எடுத்து வரிவரியாகப் பார்த்தால் இதெல்லாம் மிச்சம் இருக்கும்:

1. மின்னஞ்சல் முகவரி. முழுப் பெயரும் சில நேரம் பிறந்த ஆண்டும் அதிலேயே இருக்கும். கோப்பின் பெயரிலும் அப்படித்தான்.

2. பள்ளியின் பெயர். அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று இருந்தால் சமூகத்தை ஊகிக்க அதற்கு மேல் எதுவும் வேண்டாம். தொடக்கத்தில் "மகளிர்" என்றோ ஒரு மத நிறுவனத்தின் பெயரோ இருந்தாலும் இதே கதை.

3. உதவித்தொகை, விடுதி விவரம். முதல் பட்டதாரி சலுகை பெற்றதைப் பெருமையாகத்தான் எழுதியிருப்பார்கள். வடிகட்டுபவருக்கு அது வேறு சேதி சொல்லும்.

4. தெரிந்த மொழிகள். தமிழ், ஆங்கிலத்தோடு உருது என்றோ சௌராஷ்டிரம் என்றோ இருந்தால் போதும்.

5. ஊர், தெரு. ஒரே மாவட்டத்துக்காரர் ரெஸ்யூமேவைப் பார்க்கும்போது ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் பல விஷயங்களைப் பேசும்.

6. ஆண்டுகள். படித்து முடித்த ஆண்டு வயதைச் சொல்லும். 2019 முதல் 2022 வரை காலியாக இருக்கும் இடம் ஒரு பெண்ணின் பிரசவ காலத்தைச் சொல்லலாம், அல்லது சொல்வதாக ஊகிக்கப்படலாம்.

ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் பாதித் தாள்தான் மிஞ்சும், அதுவும் அரைகுறையாக. மறைக்கும் வேலையைச் செய்பவர் ஓர் இடத்தில் தவறவிட்டாலும் முழு முயற்சியும் வீண்.

## மறைத்துப் பார்த்தவர்களுக்கு நடந்தது

பிரான்சில் அரசு வேலைவாய்ப்புத் துறை 2010, 2011இல் ஒரு பெரிய சோதனை நடத்தியது. பங்கெடுக்க முன்வந்த நிறுவனங்களில் சிலவற்றுக்குப் பெயர் மறைத்த ரெஸ்யூமே, மற்றவற்றுக்கு வழக்கமான ரெஸ்யூமே. யாருக்கு எது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். பெயர் மறைத்த இடங்களில் குடியேறிய குடும்பத்தினருக்கும் பின்தங்கிய பகுதிக்காரர்களுக்கும் அழைப்பு கூடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த இடைவெளி பெரிதாகிவிட்டது.

ஆய்வாளர்கள் இரண்டு காரணம் சொன்னார்கள். முதலாவது, தாமாக முன்வந்த நிறுவனங்கள் ஏற்கெனவே ஓரளவு திறந்த மனதோடு இருந்தவை. இரண்டாவது, சூழ்நிலை தெரிந்தால் ஒரு குறையை மனிதர் பெரிதுபடுத்துவதில்லை. வேலையில்லாத சில மாதங்கள், எழுத்துப் பிழை, சாதாரணப் பயிற்சி நிலையம் என்று இருந்தாலும், "இந்தப் பகுதியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே" என்று முன்பு தள்ளுபடி செய்து பார்த்திருக்கலாம். பெயரும் முகவரியும் போனதும் அந்தத் தள்ளுபடியும் போயிற்று, குறை மட்டும் தங்கிவிட்டது.

ஆஸ்திரேலிய அரசு 2017இல் வெளியிட்ட சோதனையில், 2,100க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களிடம் கற்பனை ரெஸ்யூமேக்களைக் கொடுத்தார்கள். அங்கே பெயர் தெரிந்தபோதுதான் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் சற்றுச் சாதகம் இருந்தது. மறைத்ததும் அந்தச் சாதகம் போய்விட்டது. மாறாக, சுவீடனின் கோத்தன்பர்க் நகர நிர்வாகத்தில் நடந்த முயற்சியில் பெண்களும் குடியேறியவர்களும் இன்டர்வியூ வரை வரும் வாய்ப்பு கூடியது. ஆனால் வேலை கையில் கிடைப்பதில் பெண்களுக்குக் கிடைத்த பலன் குடியேறியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். நம்முடைய பொதுத் தேர்வு விடைத்தாளில் பதிவெண்ணை அகற்றி டம்மி நம்பர் போடுகிறார்கள். திருத்துபவருக்கு யாருடைய தாள் என்று தெரியாது. அது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். ரெஸ்யூமே அப்படி இல்லை. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய கேள்வியைத் தானே வைத்துத் தானே பதில் எழுதிய தாள் அது. அதற்கு டம்மி நம்பர் போட்டு என்ன பயன்? திருத்துபவர் ஒப்பிடுவதற்கு அதில் பொதுவானது எதுவும் இல்லையென்றால், கல்லூரிப் பெயரையும் இடைவெளியையும்தான் தேடிப் போவார்.

ஆகவே மறைப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை, எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கொடுப்பது.

## ஓர் உதாரணம்: திருப்பூரில் அக்கவுண்டன்ட் தேர்வு

பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் ஒருவர் வேண்டும். கொள்முதல் பில்களை டேலியில் ஏற்றுவது, மாதாமாதம் ஜி.எஸ்.டி. ஒப்பிடுவது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது ஆகியவை வேலை. 120 பேர் விண்ணப்பிக்கிறார்கள். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.

1. ரெஸ்யூமே வாங்காமல் படிவம் வாங்குவது. கறுப்பு மையோடு போராட வேண்டாம். படிவத்தின் முதல் பகுதியில் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல். இரண்டாம் பகுதியில் வேலை சம்பந்தப்பட்டவை மட்டும்: டேலியில் எத்தனை மாதம் வேலை பார்த்தார், எந்த வகை ரிட்டர்ன்களைத் தானே தாக்கல் செய்திருக்கிறார், எப்போது சேர முடியும். அனுபவத்தை ஆண்டுகளாக இல்லாமல் மாதக் கணக்காகக் கேட்பது இதில் சின்ன விஷயம், பெரிய பலன். "38 மாதம்" என்று வந்தால் வயதும் தெரியாது, நடுவில் இருந்த இடைவெளியும் தெரியாது. பிரான்சில் தடுக்கி விழுந்த இடம் இப்படி மூடப்படுகிறது.

2. சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுப்பது. படிவங்களைப் பெறுபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயரும் எண்ணும் உள்ள பட்டியலைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். அவர் மதிப்பெண் போடக் கூடாது. மதிப்பெண் போடுபவர்களுக்கு அந்தக் கோப்பைத் திறக்கும் அனுமதியே இருக்கக் கூடாது. ஒரே ஷீட்டில் பெயர் உள்ள வரிசையை மடக்கி மறைத்து வைப்பது மறைப்பு ஆகாது. ஒரு கிளிக்கில் திறந்துவிடும்.

3. ஒரே கேள்விகள். குறைந்தபட்சத் தகுதியை ஆம், இல்லை என்று பார்த்த பிறகு 96 பேர் மிஞ்சுகிறார்கள். அவர்களுக்கு 40 நிமிடத்தில் முடிக்கக்கூடிய மூன்று கேள்விகள் போகின்றன. முதல் கேள்வியை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு மாதத்தின் 15 கொள்முதல் பில்களின் பட்டியலும், அதே மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-2பி விவரமும் தரப்படுகின்றன. ஜிஎஸ்டிஆர்-2பி என்பது, சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து, நமக்கு எவ்வளவு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும் என்று ஜி.எஸ்.டி. தளம் தானாகத் தயாரிக்கும் பட்டியல். கேள்வித்தாளில் வேண்டுமென்றே நான்கு பிழைகள் வைக்கப்படுகின்றன: இரண்டு பில்கள் 2பியில் இல்லை, ஒன்றில் சப்ளையரின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, இன்னொன்றில் வரித் தொகை ஒத்துப்போகவில்லை. எவை, என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, தாக்கல் செய்யாத சப்ளையருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். மொழி நடைக்கு மதிப்பெண் இல்லை, விவரம் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்பதற்குத்தான். ஆங்கில நடைக்கு மதிப்பெண் கொடுத்தால் கல்லூரிப் பெயரைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டதாகிவிடும். மூன்றாவது, வங்கிக் கணக்கில் 18,400 ரூபாய் வித்தியாசம் வந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவீர்கள் என்பது.

நேரம் 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது வேலையில் இருப்பவர்கள், வீட்டில் சிறு குழந்தை உள்ளவர்கள் நான்கு மணி நேரத் தேர்வை எழுத மாட்டார்கள். பாரபட்சத்தை ஒரு வாசலில் தடுத்து மறு வாசலில் கூட்டி வந்ததாகிவிடும். கணினி இல்லாதவர் போனிலேயே பார்த்து எழுதும்படி பட்டியல்கள் சிறியதாக இருக்க வேண்டும்.

4. மதிப்பெண்ணுக்கு முன்கூட்டியே அளவுகோல். முதல் கேள்விக்கு இப்படி:

- 0: பதில் இல்லை, அல்லது சம்பந்தமில்லாதது
- 1: மொத்தத் தொகை பொருந்தவில்லை என்று மட்டும் கண்டார்
- 2: விடுபட்ட இரண்டு பில்களையும் கண்டார்
- 3: எண் பிழையையும் வரி வித்தியாசத்தையும் சேர்த்துக் கண்டார்
- 4: அதோடு, சப்ளையரிடம் திருத்தச் சொல்லி, 2பியில் வரும் வரை அந்த வரவை எடுக்காமல் வைப்பதையும் சொன்னார்

இந்த அளவுகோலை விண்ணப்பதாரர்களிடம் பயன்படுத்தும் முன் ஏற்கெனவே பிரிவில் நன்றாக வேலை செய்யும் இரண்டு பேரிடம் கேள்வியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களே 2 வாங்கினால் கேள்வி கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குத் தெரிந்து முழு முறையும் சரிவது பெரும்பாலும் இங்கேதான்.

5. ஆள்வாரியாக இல்லாமல் கேள்விவாரியாகத் திருத்துவது. 72 பேர் எழுதி அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 72 பேரின் முதல் பதிலையும் வரிசையாகத் திருத்தி முடித்த பிறகுதான் இரண்டாம் பதிலுக்குப் போக வேண்டும். ஒருவருடைய முதல் பதில் பிரமாதமாக இருந்தால் அவருடைய அடுத்த பதிலையும் நல்லவிதமாகவே படிப்போம். அந்தச் சாய்வை இது அறுக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் வரிசையைக் கலைக்கவும் வேண்டும், ஏனென்றால் ஐம்பதாவது பதிலைப் படிக்கும் கண் களைத்துப் போயிருக்கும். கூகுள் ஷீட்டில் எண்கள் A2 முதல் A73 வரை இருந்தால்:

```
=SORT(A2:A73, RANDARRAY(72,1), TRUE)
```

வந்த வரிசையை நகலெடுத்து வெறும் மதிப்புகளாக ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஷீட்டைத் தொடும்போதெல்லாம் வரிசை மாறிக்கொண்டிருக்கும்.

6. இரண்டு பேர், தனித்தனியாக. ஒருவர் போட்ட மதிப்பெண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. இருவரும் முடித்த பிறகு சராசரி. இரண்டு புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்த பதில்களை மட்டும் உட்கார்ந்து பேசலாம். சீனியர் ஒருவரும் ஜூனியர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து திருத்தினால் அது ஒருவருடைய மதிப்பெண்தான்.

செலவையும் சொல்லிவிட வேண்டும். 72 பேர், மூன்று பதில், பதிலுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் ஒருவருக்கு ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். ரெஸ்யூமேவைப் புரட்டும் ஒரு காலை வேலையைவிட இது அதிகம்தான். ஆனால் தவறான ஆளை எடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி விளம்பரம் கொடுப்பதோடு ஒப்பிட்டால் குறைவு.

7. பூட்டிய பிறகு திறப்பது. முதல் 12 பேரை அழைப்போம் என்பது திருத்தத் தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். மதிப்பெண்ணைப் பூட்டிய பிறகுதான் பெயர்ப் பட்டியல் திறக்கும். பெயரைப் பார்த்த பிறகு யாரையாவது நீக்கவோ சேர்க்கவோ வேண்டும் என்றால், செய்பவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெண்களையோ மாற்றுத்திறனாளிகளையோ கூடுதலாக அழைக்க வேண்டும் என்று நிறுவனம் கொள்கை வைத்திருந்தால் அதற்கான இடமும் இந்தக் கட்டம்தான். ஆஸ்திரேலியச் சோதனையில் தெரிந்த முரண்பாடு இப்படித்தான் தீரும்: மதிப்பெண் போடும்போது மறைப்பு, கொள்கையைப் பயன்படுத்தும்போது வெளிச்சம்.

## பலன் இருந்ததா என்று எப்படி அறிவது?

பாலினம் போன்ற விவரங்களை விருப்பம் உள்ளவர் மட்டும் தரும்படி தனித் தாளில் வாங்கி, தேர்வு முடிந்த பிறகு, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தப் பிரிவினர் எத்தனை சதவீதம் தாண்டினார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1978 முதல் ஐந்தில் நான்கு என்ற அளவுகோல் இருக்கிறது: ஒரு பிரிவின் தேர்வு விகிதம், அதிகம் தேர்வான பிரிவின் விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அங்கே உற்றுப் பார்க்க வேண்டும்.

நம் உதாரணத்தில் எழுதியவர்கள் 40 பெண்கள், 32 ஆண்கள். அழைக்கப்பட்டவர்கள் 5 பெண்கள், 7 ஆண்கள். பெண்களுக்கு 12.5 சதவீதம், ஆண்களுக்கு 21.9 சதவீதம். இரண்டையும் வகுத்தால் 57 சதவீதம். 80க்கு வெகு கீழே. பாரபட்சம் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? கூடாது. இரண்டே பேர் மாறி, பெண்கள் 7, ஆண்கள் 5 என்று ஆகியிருந்தால் 17.5க்கு 15.6 என்று கணக்கே தலைகீழாகிவிடும். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒரு தேர்வை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஐந்தாறு தேர்வுகளைச் சேர்த்து, ஒரே கட்டத்தில் ஒரே பக்கமாகச் சரிவு தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். சரிவு படிவக் கட்டத்திலேயே இருந்தால் குறைந்தபட்சத் தகுதி விதியைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றாம் கேள்வியில் மட்டும் இருந்தால் அந்தக் கேள்வியை.

இன்னும் பழைய முறையில் ரெஸ்யூமே பார்க்கும் நிறுவனங்களுக்கு இதைவிட எளிய ஒரு வழி உண்டு. நிராகரித்த ஒவ்வொரு ரெஸ்யூமேவுக்கும் ஒரு வரிக் காரணம் எழுத வைத்து, மாதக் கடைசியில் அந்தக் காரணங்களை மட்டும் தனியே படிப்பது. "டேலி அனுபவம் இல்லை" என்பது சரிபார்க்கக்கூடிய காரணம். "நம் கல்ச்சருக்குச் செட் ஆக மாட்டார்", "ஓவர் குவாலிஃபைட்", "நிலைத்து இருக்க மாட்டார்" என்பவை சரிபார்க்க முடியாதவை. இந்த இரண்டாம் வகை யாருடைய ரெஸ்யூமேக்களில் அதிகமாக விழுகிறது என்று எண்ணினால் பாரபட்சம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

## இந்த முறை தொடாத இடங்கள்

மிகப் பெரிய ஓட்டை, சிபாரிசு. "நம்ம பையன், கொஞ்சம் பாருங்கள்" என்று முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு வரும் ரெஸ்யூமே படிவத்தையும் எண்ணையும் தாண்டி நேராக இன்டர்வியூ மேசைக்கு வந்துவிடுகிறது. ஊழியர்கள் தெரிந்தவர்களைப் பரிந்துரைக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பரிந்துரைக்கப்பட்டவரும் அதே படிவத்தை நிரப்பி அதே மூன்று கேள்விகளை எழுத வேண்டும், திருத்துபவருக்கு யார் அனுப்பியது என்று தெரியக் கூடாது. இதை முதலாளி ஏற்கவில்லை என்றால் மீதி ஏற்பாடுகள் பெயருக்குத்தான் இருக்கும்.

சட்டமும் இங்கே அதிகம் துணைக்கு வராது. அரசுப் பணியில் பாகுபாடு கூடாது என்று அரசியல் சாசனத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு வேலை விஷயத்தில் தனித்தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் தனியார் நிறுவனம் சாதியோ மதமோ பார்த்து ஒரு ரெஸ்யூமேவை ஒதுக்குவதைப் பொதுவாகத் தடுக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை.

அப்புறம் இன்டர்வியூ. அறைக்குள் வந்ததும் முகம், பேச்சு, வயது எல்லாம் தெரிந்துவிடும். கோத்தன்பர்க்கில் குடியேறியவர்கள் கடைசிக் கட்டத்தில் பின்தங்கியது இதைத்தான் காட்டுகிறது. அங்கே மறைக்க முடியாது. செய்யக்கூடியது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே தனித்தனியாக மதிப்பெண் எழுதி, எழுத்துக் கேள்விகளின் மதிப்பெண்ணோடு எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பதை முதல் ஆளை உள்ளே அழைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது. "நேட்டிவ் எங்கே?", "வீட்டுக்காரர் என்ன பண்றார்?", "கல்யாணம் எப்போ?" ஆகிய மூன்று கேள்விகளும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது, இன்டர்வியூ தொடங்குமுன் டீ குடித்தபடி பேச்சுவாக்கிலும் கேட்கக் கூடாது.